கனவுக் காட்சியில் ‘கீழ்’ எந்தப் பக்கம்?

ஈரக்களிமண்

வணக்கம். 9 நிமிட 2டி குறும்படத்துக்குத் திரைக்கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். பூவிக்கு 9 வயது. பாட்டியின் பழைய ஓட்டு வீட்டை விற்கப் போகிறார்கள், வாங்குபவர் காலையில் வருகிறார். முந்தின ராத்திரி பூவி காணும் கனவுக்கு 90 வினாடி ஒதுக்கியிருக்கிறேன்.

இப்போது எழுதி வைத்திருப்பது இது: வாசல் கோலத்திலிருந்து மீன்கள் எழுந்து பறக்கின்றன. சுவர்க்கடிகாரம் உருகி வழிகிறது. மச்சுப்படி முடிவே இல்லாமல் நீள்கிறது. பாட்டி வேப்பமரமாகிறாள். பூவி கொல்லைக் கிணற்றில் விழுகிறாள், விழிக்கிறாள்.

வரைந்த சட்டகங்களை நேரக்கணக்கோடு ஓடவிடும் ஒத்திகை வடிவமான அனிமேடிக்கை நாலு பேரிடம் போட்டுக் காட்டினேன். “அழகா இருக்கு” என்றார்கள், அவ்வளவுதான். ஒருத்தர் நடுவில் போனை எடுத்துவிட்டார். இயற்பியலை மீறத்தான் வேண்டும், ஆனால் பார்ப்பவருக்கு ‘சரிதான்’ என்று தோன்றவும் வேண்டும். இதை எப்படி எழுதுவது?

நிறக்கலவை

கனவு என்று தெரியவைக்க எளிய வழி இருக்கிறது. ஓரங்களை மங்கலாக்குங்கள், நிறத்தைக் கொஞ்சம் நீலத்துக்குத் தள்ளுங்கள், குரலுக்கு எதிரொலி போடுங்கள். வெள்ளைப் பகுதிகளில் லேசான ஒளிவட்டம் வைத்தால் இன்னும் நன்றாக இருக்கும். நான் ஒரு விளம்பரத்துக்கு அப்படித்தான் செய்தேன், வாடிக்கையாளருக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

லைட்பாக்ஸ்

நிறக்கலவை, அவர் கேட்பது கனவு எப்படித் தெரிய வேண்டும் என்று இல்லையே. அதில் என்ன நடக்கலாம், என்ன நடக்கக் கூடாது என்றுதான் கேட்கிறார்.

தம்பி, உங்கள் 90 வினாடியில் ஐந்து அதிசயங்கள் இருக்கின்றன. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் சம்பந்தமில்லை. மீன் பறந்ததைப் பார்த்தவரால் கடிகாரம் உருகுவதை ஊகிக்க முடியாது. எது வேண்டுமானாலும் நடக்கும் என்று தெரிந்துவிட்டால் அவர் ஊகிப்பதையே நிறுத்திவிடுவார். போன் வெளியே வருவது அந்த இடத்தில்தான்.

ஐந்தில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நானாக இருந்தால் கிணற்றை வைப்பேன். அந்த வீட்டை விட்டுப் போக மனசில்லாத குழந்தைக்கு உலகமே கிணற்றுப் பக்கம் இழுக்கிறது. இதை இயற்பியலாக எழுதினால் ஒரே வரி: கனவில் ‘கீழ்’ என்பது தரையின் பக்கம் இல்லை, கிணற்று வாயின் பக்கம். வேறு எதையும் மாற்றாதீர்கள். பொருளுக்குக் கனம் இருக்கும், இடித்தால் வலிக்கும், உராய்வு இருக்கும், தண்ணீர் தண்ணீராகவே இருக்கும்.

இப்போது உட்கார்ந்து கணக்குப் போட்டால் காட்சிகள் தாமாக வந்து விழும். கிணற்றுக்கு நேர் மேலே இருப்பவனுக்கு எல்லாம் வழக்கம்போலத்தான். கிணற்று வாயிலிருந்து 6 மீட்டர் உயரத்தில் ஒரு மொட்டைமாடி இருக்கிறது என்று வையுங்கள். அதன் கொல்லைப்பக்க ஓரம் கிணற்றிலிருந்து 2 மீட்டர் தள்ளி. அங்கே ‘கீழ்’ வெறும் 18 டிகிரி சாய்ந்திருக்கும். சொம்புத் தண்ணீர் கொஞ்சம் சரிந்து நிற்கும், அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. மாடியிலேயே 6 மீட்டர் தள்ளிப் போனால் 45 டிகிரி, நடப்பதே மலையேற்றம். தரைக்கு இறங்கிவிட்டால் முழுதாக 90. தரை சுவராகிவிட்டது.

அதாவது கனவை எங்கே தொடங்கி எந்த வழியாக நடத்துகிறீர்களோ, அதுவே விசித்திரத்தைக் கூட்டிக்கொண்டு போகும். புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டாம், வீட்டின் வரைபடம் போதும்.

பௌதிகம்_பாலு

நல்ல யோசனை. ஆனால் ஈர்ப்பு என்றால் நெருங்க நெருங்க வலுக்க வேண்டும், தூரத்தின் இருமடிக்கு எதிர்விகிதத்தில். அதை விட்டுவிட்டால் விவரம் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். இன்னொன்று, கிணற்று வாய்தான் மிகத் தாழ்ந்த இடம் என்றால் மேலிருந்து போட்ட சொம்பு வாய்க்கு வந்ததும் அப்படியே நின்றுவிடும். அதற்கு மேல் போக இடமில்லையே.

லைட்பாக்ஸ்

முதல் பாதி புத்தகப்படி சரி பாலு சார். ஆனால் திரையில் அது உதவாது. கிட்டே போகப் போக இழுவை எகிறினால் வாயருகே எல்லாமே ஒரு ஃப்ரேமில் மறைந்துவிடும். தூரத்திலோ ஒன்றும் அசையாது. எங்கே நின்றாலும் இழுவையின் அளவு நம் பூமியில் உள்ளதே, திசை மட்டும் கிணற்று வாய் என்று வைத்துக்கொண்டால் பார்ப்பவரின் உடம்புக்கு ஏற்கெனவே பழகிய வேகம் கிடைக்கும். அவர் சூத்திரம் பார்ப்பதில்லை. ஒரு சொம்பு விழ எவ்வளவு நேரமாகும் என்று அவர் கைக்குத் தெரியும், அதைத்தான் ஒப்பிடுகிறார்.

இரண்டாவது பாதி தப்பு. சொம்பு நிற்காது. வாய்க்கு வரும்போதுதான் அதன் வேகம் உச்சத்தில் இருக்கும். தாண்டிக் கிணற்றுக்குள் போகும். உள்ளே ‘கீழ்’ என்பது மேலே இருக்கிறதால் வேகம் குறைந்து, போன தூரத்தளவு போய் நின்று, திரும்பி வரும்.

இதை வரைவது எப்படி என்று சொல்கிறேன், இந்த இடத்தில்தான் நிறைய பேர் கெடுக்கிறார்கள். வாய்க்கு மேலே சுமார் 1.2 மீட்டரில் கப்பியடியிலிருந்து சொம்பைக் கைவிடுகிறாள். விழ அரை வினாடி, அதாவது 12 ஃப்ரேம். இரண்டு ஃப்ரேமுக்கு ஒரு படம் என்றால் ஆறு படம். படத்துக்குப் படம் நகரும் தூரம் 1, 3, 5, 7, 9, 11 என்ற விகிதத்தில் போக வேண்டும். முதல் படத்தில் 3.4 செ.மீ. நகர்ந்தால் ஆறாவதில் 37 செ.மீ. வாயைத் தாண்டியதும் அதையே திருப்பிப் போடுங்கள்: 11, 9, 7 என்று குறைந்து 1-ல் நிற்கும். போய்த் திரும்பிக் கைக்கு வர 48 ஃப்ரேம், சரியாக 2 வினாடி.

பழக்கதோஷத்தில் அனிமேட்டர் வாயருகே வேகத்தைக் குறைத்து மெத்தென்று நிறுத்தப் பார்ப்பார். அப்படிச் செய்தால் சொம்பு பலூனாகிவிடும், விதியும் போச்சு. மேல் முனையிலும் அடி முனையிலும்தான் மெதுவாக வேண்டும். கொஞ்சம் காற்றுத்தடையைக் காட்ட ஒவ்வொரு சுற்றிலும் உயரத்தைக் குறைத்துக்கொள்ளலாம்.

தூக்கம்வராதவன்

எனக்கு இதில் உடன்பாடில்லை. நிஜக் கனவில் விதி ஏது? நேற்று என் கனவில் பள்ளிக்கூட மாடிக்கு ஏறினேன், கதவைத் திறந்தால் மாமா வீட்டு அடுக்களை. கூட வந்தவன் பாதிவழியில் வேறு ஆளாகிவிட்டான். அதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. நீங்கள் சொல்வது கனவு இல்லை அக்கா, அறிவியல் கண்காட்சி. முதலில் எழுதியிருந்த வேப்பமரப் பாட்டிதான் எனக்குக் கனவாகப் படுகிறது.

லைட்பாக்ஸ்

பாதி ஒப்புக்கொள்கிறேன். நிஜக் கனவு அப்படித்தான். ஆனால் அதைக் கண்டவர் நீங்கள், மாமாவை உங்களுக்குத் தெரியும். இப்போது எனக்குச் சொன்னபோது என்ன ஆயிற்று? நான் தலையாட்டினேன், மனசுக்குள் ஒன்றும் நடக்கவில்லை.

அதில் எடுத்துக்கொள்ள வேண்டியது உங்கள் ஆச்சரியமின்மை. அது தங்கம். பூவி எதைக் கண்டும் வாயைப் பிளக்கக் கூடாது. நேற்றும் இப்படித்தான் இருந்தது என்பதுபோல் சொம்பைக் கயிற்றில் கட்டித் தூணில் மாட்டட்டும். தலைமுடி கிணற்றுப் பக்கம் பறப்பதால் அந்தப் பக்கமாகவே பின்னலைப் போடட்டும். அவள் பழக்கத்தைப் பார்த்துத்தான் நாம் விதியைக் கற்றுக்கொள்கிறோம். யாரும் வாயால் விளக்க வேண்டியதில்லை.

1905-ல் வின்சர் மெக்கே தொடங்கிய ‘லிட்டில் நீமோ’ படக்கதையில் ஒரு பக்கம் உண்டு, 1908-ல் வந்தது. படுக்கையின் கால்கள் நீண்டு, அது நகரத்துக் கட்டடங்களுக்கு மேலே நடந்துபோகும். மாறியது கால்கள் மட்டும்தான். கட்டடங்கள் கச்சிதமான கோணத்தில், ஒரு ஜன்னல்கூடப் பிசகாமல் இருக்கும். அதனால்தான் அந்த உயரம் நமக்கு வயிற்றில் உறைக்கிறது. கடைசிக் கட்டத்தில் பையன் கட்டிலிலிருந்து தரையில் விழுந்து கிடப்பான்.

தூக்கம்வராதவன்

அப்படியென்றால் காரணத்தையும் வைத்துவிடலாமே. தூங்குபவர்கள்மேல் தண்ணீர் தெளித்துப் பார்த்த ஆய்வு ஒன்று 1958-ல் வெளியானது. எழுப்பிக் கேட்டபோது பலர் மழை, ஒழுகும் கூரை என்று ஏதாவது ஒரு தண்ணீரைக் கனவில் கண்டதாகச் சொன்னார்கள். பூவி சரிந்த கயிற்றுக்கட்டிலில் ஒரு பக்கமாக உருண்டு கிடக்கிறாள் என்று காட்டினால் கனவில் எல்லாம் ஒரு பக்கம் சரிவதற்குக் காரணம் வந்துவிடும்.

லைட்பாக்ஸ்

வரும். ஆனால் விழித்ததும் கட்டிலைக் காட்டினால் கனவு விடுகதையாகிவிடும், கட்டில் அதன் விடை. வீட்டின் மேலுள்ள பிடிப்பு பின்னுக்குப் போய்விடும். வைப்பதானால் கனவுக்கு முன்னாலேயே, யாரும் கவனிக்காதபடி வையுங்கள்.

கேம்தம்பி

என் கதையையும் சொல்கிறேன். ஒரு சின்ன விளையாட்டில் ஈர்ப்புத் திசையைப் பொத்தானால் மாற்றும்படி வைத்தேன். விளையாடியவர்கள் எல்லாரும் “கேமரா சாய்ந்துவிட்டது, பிழை இருக்கிறது” என்று புகார் எழுதினார்கள். ஈர்ப்பு மாறியதாக ஒருத்தருக்கும் தோன்றவில்லை. இவர் படத்திலும் அதே சிக்கல் வராதா?

பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் ஒத்திகை பார்க்க விரும்பினால்: Scene பகுதியில் Gravity-யை அணைத்துவிட்டு, கிணற்று வாயில் Force வகை விசைப்புலம் ஒன்றை வையுங்கள். Strength எதிர்ம எண்ணாக இருந்தால் இழுக்கும். Falloff-இல் Power 0 என்றால் எல்லாத் தூரத்திலும் ஒரே இழுவை. ஆனால் கனமான பொருள் மெதுவாக விழும், அது விசைப்புலத்தின் குணம். எல்லாவற்றுக்கும் ஒரே Mass கொடுத்துவிடுங்கள்.

லைட்பாக்ஸ்

உங்கள் புகார்க்காரர்கள் சொன்னது முக்கியமான விஷயம். சட்டகத்தை முழுசாகச் சாய்த்தால் மூளை கேமராவைத்தான் குற்றம் சொல்லும். ஆகவே வீட்டை நேராகவே வரைய வேண்டும். தரை கிடையாக, தூண் செங்குத்தாக, ஓடு மேலே. சாய்வதெல்லாம் கட்டிவைக்காதவை மட்டும்: தண்ணீர் மட்டம், தலைமுடி, கொடியில் தொங்கும் புடவை, கண்ணீர். விளக்குச் சுடரை மறக்க வேண்டாம். சூடான காற்று ‘மேலே’ போகும் என்பதால் சுடர் எப்போதும் கிணற்றுக்கு எதிர்ப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். ஒரே சட்டகத்தில் முடி இந்தப் பக்கமும் சுடர் அந்தப் பக்கமும் இருந்தால் கேமராவைச் சந்தேகிக்க வழியே இல்லை.

சோதிக்கவும் சுலபம். ஒலியில்லாமல் அனிமேடிக்கை ஓட்டுங்கள். பூவி ஏதோ ஒன்றைக் கைவிடப் போகும் ஃப்ரேமில் நிறுத்தி, “இது எங்கே போகும், விரலால் காட்டுங்கள்” என்று கேளுங்கள். எல்லா விரலும் கிணற்றுப் பக்கம் போனால் விதி ஏறிவிட்டது. பாதிப் பேர் தரையைக் காட்டினால் அதற்கு முன்னால் இன்னொரு ஷாட் தேவை.

ஈரக்களிமண்

ரொம்ப நன்றி அக்கா. வீட்டின் அளவைப் போட்டுப் பார்த்தேன். பழைய பாணி வீடு, வாசலில் நின்றால் நடைக்கதவு, கூடம், பின்கதவு எல்லாம் ஒரே நேர்கோட்டில், கடைசியில் கொல்லைக் கிணறு தெரியும். வாசற்கதவிலிருந்து கிணறு 20 மீட்டர். அந்த நேர்கோடு கனவில் 20 மீட்டர் ஆழமுள்ள குழியாகிவிடுகிறது! வாசல் மேலே, கிணறு அடியில். கோலமாவு கதவிடுக்கு வழியாக மணல்போல் கூடத்துக்குள் கொட்டும். பூவி கூடத்துத் தூண்களை ஏணிப்படிபோல் பிடித்துப் பாட்டியிடம் ஏறுகிறாள்.

மொட்டைமாடியும் வைத்துக்கொள்கிறேன், பின்கட்டு மட்டும் மாடி எடுத்துக் கட்டியதாக. அங்கேதான் கனவு தொடங்கும்.

சந்தேகம் என்னவென்றால், கிணற்றில் தண்ணீர் இருக்கிறது. கோடை, அடியில் ஒரு மீட்டர்தான். கிணற்றின் குறுக்களவு 2 மீட்டர். அது என்ன ஆகும்? அப்புறம், பாட்டி வாசல் திண்ணையில் உட்கார்ந்திருக்க வேண்டும். அவள் மட்டும் விழாமல் இருப்பாள் என்று வைத்துக்கொள்ளலாமா, பாட்டி என்பதால்?

லைட்பாக்ஸ்

வைத்துக்கொள்ளக் கூடாது. ஒரு ஆளுக்கு விலக்கு கொடுத்தால் சொம்புக்கும் கொடுக்கலாமே என்று தோன்றிவிடும். ஆனால் விலக்கே தேவையில்லை, கதவு இருக்கிறது! வாசற்கதவு சாத்தியிருந்தால் வெளியே இருப்பவளுக்கு அந்தக் கதவுதான் தரை. பாட்டி சாத்திய கதவின்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து வெற்றிலை மடிக்கிறாள். கதவு உள்பக்கமாகத் திறப்பது, தாழ்ப்பாளும் உள்ளே. அவள் பாரம் முழுக்க அந்த ஒரு தாழ்ப்பாளில். பூவி உள்ளே, அதற்குக் கீழே, தூணைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு மேலே பார்க்கிறாள். அப்போது யாரோ கதவைத் தட்டுகிறார்கள். பொழுது விடிந்தால் வீடு வாங்க வருகிறவர் யாரென்று நமக்குத் தெரியும்.

இப்போது போனை எடுக்கச் சொல்லுங்கள் பார்ப்போம்.

தண்ணீர் இன்னும் அழகு. அடியில் இருக்கிற தண்ணீருக்குக் கிணற்று வாய்தான் ‘கீழ்’. எழும்பி வந்து வாயில் உருண்டையாகத் திரளும். 2 மீட்டர் அகலக் கிணற்றில் ஒரு மீட்டர் தண்ணீர் என்றால் மூன்று கன மீட்டருக்குச் சற்று மேல். அது 1.8 மீட்டர் குறுக்களவுள்ள உருண்டையாகும். கிணற்று வாயை ஏறத்தாழ அடைத்துக்கொண்டு, பாதி உள்ளே, பாதி கைப்பிடிச்சுவருக்கு மேலே. நான் சுண்டிவிட்ட எண் இல்லை, உங்கள் அளவுகளிலிருந்தே வருகிறது. தண்ணீர் இருப்பதால் நான் சொன்ன சொம்பு ஊசலை மறந்துவிடுங்கள். சொம்பு உருண்டைக்குள் போய் வேகம் இழந்து நடுமையத்தில் தங்கிவிடும். அதுவும் மோசமில்லை, விழுந்த எல்லாமே அங்கே சேர்ந்திருக்கும்.

பௌதிகம்_பாலு

கணக்கைச் சரிபார்த்தேன், உருண்டை சரிதான். ஆனால் ஒன்று. பாட்டி அந்தக் கதவிலிருந்து விழுந்தால் 20 மீட்டர், 2 வினாடி, கிணற்றை எட்டும்போது மணிக்குச் சுமார் 71 கிலோமீட்டர். 1.8 மீட்டர் தண்ணீர் அவளைத் தாங்காது. அதுவும் உருண்டையில் பாதிதான் சுவருக்கு மேலே தெரிகிறது. கொஞ்சம் இறங்கி வந்தால் கைப்பிடிச்சுவரில்தான் மோதுவாள். குழந்தைகள் பார்க்கிற படம்தானே?

ஈரக்களிமண்

அதுதான் இப்போது தூக்கம் கெடுக்கிறது. மூன்று யோசனை இருக்கிறது. தாழ்ப்பாள் தானாக முறிகிறது, அல்லது பூவியே இழுக்கிறாள், அல்லது திறப்பதற்கு முன் விழித்துவிடுகிறாள்.

தூக்கம்வராதவன்

மூன்றாவது வேண்டாம். எல்லாக் கனவுக் காட்சியும் அப்படித்தான் முடிகிறது. பூவியே இழுக்கட்டும். பாட்டி வீட்டோடு இருக்க வேண்டும் என்று நினைப்பவள் அவளைக் கிணற்றுக்கே வரவழைக்கிறாள். விழும்போது வேகத்தைக் கொஞ்சம் குறைத்துவிடுங்கள், கனவுதானே.

லைட்பாக்ஸ்

பூவி இழுப்பது சரி. “கனவுதானே” சரியில்லை. 80 வினாடி காப்பாற்றிய விதியைக் கடைசிப் பத்தில் தளர்த்தினால் முன்னால் விழுந்த சொம்பும் பொய்யாகிவிடும். வேகத்தைக் குறைக்க விதிக்கு உள்ளேயே வழி இருக்கிறது. பாட்டி கூடத்துத் தரையில் உரசிச் சறுக்கினால் பயனில்லை, இங்கே தரை சுவர் மாதிரி, உராய்வு ஒட்டாது. ஆனால் கொடிக்கயிறு இருக்கிறது, தூணுக்குத் தூண் கட்டிய புடவை இருக்கிறது. பூவி முதல் ஷாட்டிலிருந்தே எல்லாவற்றையும் கட்டிவைக்கிற பிள்ளை. ஏறும்போதே நாலு இடத்தில் புடவையை விரித்துக் கட்டிக்கொண்டு போனாள் என்றால், எதற்கு என்று நமக்கு அப்போது புரியாது. தாழ்ப்பாளை இழுக்கும்போது புரியும். பாட்டி ஒவ்வொரு புடவையிலும் விழுந்து, தொய்ந்து, நழுவி அடுத்ததுக்குப் போவாள். ஒவ்வொரு தடவையும் வேகம் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். 4 மீட்டர் விழ 22 ஃப்ரேம்தான்.

கேம்தம்பி

அந்தப் புடவைகளை நிஜத் துணிபோல் உருவகப்படுத்தினால் கணினி அழுதுவிடும், கையால் வரைவதே மேல்.

பௌதிகம்_பாலு

புடவை சரி. கடைசிப் புடவைக்கும் கிணற்றுக்கும் நடுவில் பின்கதவு நிலைப்படி இருக்கிறதே, அதில் தலை இடிக்காதா?

ஈரக்களிமண்

நிலைப்படியை வரைபடத்தில் பார்க்கிறேன் சார். புடவைகளைப் போட்டுப் புது அனிமேடிக் செய்துவிட்டு, சொம்பைக் கைவிடும் ஃப்ரேமிலும் தாழ்ப்பாளில் கை வைக்கும் ஃப்ரேமிலும் நிறுத்திப் பழைய நாலு பேரிடமே விரல் காட்டச் சொல்கிறேன். கட்டிலை முன்னால் காட்டுவதா வேண்டாமா என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை.

தூக்கம்வராதவன்

காட்டுங்கள். அக்கா திட்டட்டும்.